குழாயில் தண்ணீர் இல்லாத வீட்டில் "நாட்டின் பெரிய பிரச்சினை" எது: டோங்காட், 2022

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வடக்கே நாற்பது கிலோமீட்டர் போனால் டோங்காட். கரும்புத் தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரன் பேத்திகளில் தமிழ் வம்சாவளியினர் இங்கே நிறையப் பேர். பெரியவர்கள் சிலர் இன்னும் வீட்டில் தமிழ் பேசுவார்கள். மற்றவர்களுக்கு ஆங்கிலம்தான் வாய்மொழி, தமிழ் கோயிலோடும் சமையலறையோடும் நிற்கும்.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. நானூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏப்ரல் 18ஆம் தேதி தேசியப் பேரிடர் நிலை அறிவிக்கப்பட்டது. டோங்காட்டுக்குத் தண்ணீர் தரும் சுத்திகரிப்பு நிலையம் வெள்ளத்தில் பலமாகச் சேதமடைந்தது. வெள்ளம் சில நாளில் வடிந்தது, குழாயில் தண்ணீர் மட்டும் மாதக்கணக்கில் வரவில்லை. தெருமுனையில் டேங்கர், வாசலில் இருபத்தைந்து லிட்டர் கேன்கள் என்று ஊர் பழகிக்கொண்டது. வசதி உள்ளவர்கள் ஜோஜோ என்னும் பெரிய பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் வைத்தார்கள்.

டர்பனில் ஒரு கல்லூரியில் அரசியல் தொடர்பியல் பாடம் நடத்துகிறேன். அந்த ஆண்டின் இரண்டாம் பருவத்தில் மூன்று மாணவர்கள் டோங்காட்டை ஆய்வுக்கு எடுத்தார்கள். இருவர் அந்த ஊர்த் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள், ஒருவர் பக்கத்து ஹம்பனாதியைச் சேர்ந்த சுலு மொழிக்கார இளைஞர். கேட்கப் போனது எளிய கேள்வி. செய்திகள் எதைப் பெரிதாக்குகின்றனவோ அதையே மக்களும் பெரிய பிரச்சினை என்று நினைக்கிறார்களா? எங்கே தப்பு செய்தோம், எதைத் திருத்தினோம் என்பதையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். பாடத்துக்கு உதவுவது அந்தப் பகுதிதான்.

எந்த ஆய்வைப் பார்த்து இறங்கினோம்

மாதிரியாக வைத்துக்கொண்டது மெக்கோம்ப்ஸ், ஷா இருவரும் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில்லில் நடத்தி 1972இல் வெளியிட்ட ஆய்வு. யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத நூறு பேரிடம் எந்தப் பிரச்சினை முக்கியம் என்று கேட்டார்கள். அதே காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்று எண்ணினார்கள். ஐந்து பிரச்சினைகளை இரண்டு பக்கமும் வரிசைப்படுத்திப் பார்த்தபோது வரிசைகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. ஒப்புமை 0.967, முழுக்க ஒன்றாக இருந்தால் 1. ஊடகத்தின் நிகழ்நிரலே மக்களின் நிகழ்நிரல் என்ற கருத்துக்கு இதுதான் முதல் கல்.

இந்த எண்ணைப் பார்த்ததும் மாணவர்களுக்கு ஒரே உற்சாகம். அதில் இரண்டு விஷயத்தை முதலிலேயே சொல்லி வைத்தேன். ஒன்று, ஒப்பிட்டது ஐந்தே ஐந்து உருப்படிகளை. இரண்டு, அது மொத்த மக்களின் வரிசைக்கும் மொத்த ஊடகத்தின் வரிசைக்கும் உள்ள ஒப்புமை. தனியொரு வாக்காளர் தான் படித்த பத்திரிகையைப் போலவே யோசித்தார் என்று அது சொல்லவில்லை.

கூடவே ஒரு எதிர்க்கேள்வியும் இருந்தது. 1978இல் ஸக்கர் காட்டியது இது: விலைவாசி, வேலையின்மை, குற்றம் போல மக்கள் தாங்களே நேரில் படும் பிரச்சினைகளில் ஊடகத்தின் பாதிப்பு குறைவு. சுற்றுச்சூழல் மாசு, போதைப்பொருள், எரிசக்தி போலப் பெரும்பாலோர் செய்தி வழியாகத்தான் அறியும் பிரச்சினைகளில் பாதிப்பு அதிகம். முதல் வகையைக் கைபடும் பிரச்சினை, இரண்டாவதைக் கைபடாத பிரச்சினை என்று வகுப்பில் சொல்லிக்கொண்டோம். குழாய்த் தண்ணீரை விடக் கைபடும் பிரச்சினை எது? அதனால் பத்திரிகை மறந்தாலும் டோங்காட் மக்கள் தண்ணீரைத்தான் முதலில் சொல்வார்கள் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. ஏறக்குறைய தெரிந்த விடை என்றுதான் நினைத்திருந்தோம்.

பத்திரிகையை எண்ணியது: ஜூன், ஜூலை

மக்களிடம் கேட்பது ஆகஸ்டில். செய்தி மக்கள் மனதில் இறங்கச் சில வாரம் ஆகும் என்பதால் முந்தைய இரண்டு மாதங்களை எடுத்தோம். டர்பனில் வரும் ஓர் ஆங்கில நாளிதழ், இந்திய வம்சாவளியினர் படிக்கும் ஒரு வார இதழ், இரண்டின் முதல் பக்கம் மட்டும். இருவர் தனித்தனியாகக் குறித்தார்கள், பிறகு எத்தனை இடத்தில் ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்தோம்.

அந்த இரண்டு மாதச் செய்தி எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. அதிபர் ராமபோசாவின் பாலா பாலா பண்ணையில் நடந்த பணத் திருட்டு மறைக்கப்பட்டதாக ஜூன் தொடக்கத்தில் முன்னாள் உளவுத்துறைத் தலைவர் ஒருவர் புகார் கொடுக்க, அந்த விவகாரம் வெடித்தது. ஜூன் 26இல் ஈஸ்ட் லண்டனில் ஒரு மதுக்கூடத்தில் 21 இளம் உயிர்கள் போயின. அதே வாரம் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, மிகக் கடுமையான ஆறாம் நிலைக்குப் போனது. ஜூலை 10இல் சொவேட்டோவில் ஒரு மதுக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு. பெட்ரோல் விலை வரலாறு காணாத உயரம். ஏப்ரலில் பக்கத்தை நிரப்பிய வெள்ளம் இதற்குள் முதல் பக்கத்திலிருந்து இறங்கிவிட்டது. தண்ணீர் வராத ஊருக்கு ஒவ்வொரு நாளும் அதே செய்திதான், "நேற்றும் வரவில்லை" என்று. அதைத் தலைப்பாகப் போட எந்த ஆசிரியருக்கும் மனம் வராது.

எண்ணியதில் கிடைத்த வரிசை: லோட் ஷெடிங், ஊழல், குற்றம், விலைவாசி, கடைசியில் தண்ணீர்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. மின்சாரம் நின்றதால் பம்பு ஓடவில்லை, அதனால் தண்ணீர் இல்லை என்ற செய்தி எந்தப் பெட்டியில் போகும்? ஒருவர் மின்சாரத்தில் போட்டார், மற்றவர் தண்ணீரில் போட்டார். "தலைப்பில் எது இருக்கிறதோ அதுவே" என்று விதி வைத்தோம். தலைப்பில் எப்போதும் லோட் ஷெடிங்தான் இருந்தது. விதி நியாயமானதுதான், ஆனால் அது தண்ணீரைக் கீழே தள்ளியது. இரண்டு பெட்டியிலும் போட்டு எண்ணினால் தண்ணீர் விலைவாசியைத் தாண்டி நான்காம் இடத்துக்கு வந்தது. இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

ஆகஸ்ட்: நாற்பது வீடு, ஒரு ஆன்ட்டி

சேப்பல் ஹில் கேள்வியை ஒட்டியே கேட்டோம்: "இன்றைக்கு இந்த நாட்டின் முக்கியமான பிரச்சினை எது என்று நினைக்கிறீர்கள்?" முதல் நாள் மாணவிகளோடு நானும் போயிருந்தேன். நான்காவது வீடு. எழுபதை நெருங்கும் ஒரு ஆன்ட்டி, இந்த ஊரில் வயதான பெண் எல்லோருக்கும் ஆன்ட்டி. வராந்தாவில் எங்களை உட்கார வைத்தார். அவருக்குப் பின்னால் சுவரோரமாக ஒன்பது கேன்கள், நான்கு நிறைந்தவை. அந்த நாலு கேனின் மூடிகளில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அது குடிக்க, மற்றது கழுவ.

மாணவி கேள்வியைக் கேட்டாள். ஆன்ட்டி யோசிக்கவே இல்லை.

"கன்ட்ரிக்கா? லோட் ஷெடிங்தான் கண்ணு. அப்புறம் இந்த கிரைம்."

மாணவி எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. விதிப்படி நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

"தண்ணி, ஆன்ட்டி?"

"தண்ணியா? அது நம்ம வீட்டுக் கஷ்டம் தம்பி. அது எப்படி கன்ட்ரி பிரச்சினை ஆகும்?"

அன்று மாலை மற்றத் தாள்களைப் பார்த்தோம். பத்து வீட்டில் ஒரே ஒரு வீடுதான் தண்ணீரைச் சொல்லியிருந்தது. எங்கள் எதிர்பார்ப்பு தலைகீழாகிவிட்டது. அல்லது எங்கள் கேள்வி வேறு எதையோ அளந்துகொண்டிருந்தது.

முதல் முடிவு: கேள்வியைப் பிரித்தது

இரண்டு வழி இருந்தது. அதே கேள்வியோடு நாற்பதையும் முடித்து, "கைபடும் பிரச்சினையிலும் ஊடகமே வெல்கிறது" என்று எழுதிவிடலாம். தலைப்பு நன்றாக இருக்கும். ஹம்பனாதி மாணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், அவங்க பத்திரிகை சொன்னதை நம்பலை, பத்திரிகை சொன்னதை நமக்குத் திருப்பிச் சொல்றாங்க" என்றார். ஒரு பிரச்சினையால் எனக்குக் கவலை என்பது ஒன்று, அது பொதுப் பிரச்சினை என்று நான் எண்ணுவது இன்னொன்று. "நாட்டின்" என்ற ஒரு சொல் ஆன்ட்டியைத் தன் வராந்தாவிலிருந்து எழுப்பி வானொலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. நாடு முழுவதையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை, அது அவருக்குச் செய்தி வழியாக மட்டுமே வருவது. அதனால் நாட்டைப் பற்றிக் கேட்டால் செய்தியின் வரிசைதான் பதிலாக வரும்.

எனவே இரண்டு கேள்வியாகப் பிரித்தோம். "நாட்டின் பெரிய பிரச்சினை எது?" "உங்கள் வீட்டில் இப்போது எதைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறீர்கள்?" எது முதலில் என்பது வீட்டுக்கு வீடு மாறும். முதல் பத்து வீட்டையும் தூக்கி வைத்துவிட்டு வேறு தெருவில் நாற்பதைப் புதிதாகத் தொடங்கினோம். செய்த வேலை வீண், மாணவர்களுக்குக் கோபம்தான்.

கிடைத்த வரிசைகள்

நாட்டுக்கு என்று கேட்டபோது: லோட் ஷெடிங், குற்றம், விலைவாசி, ஊழல், தண்ணீர். வீட்டுக்கு என்று கேட்டபோது: தண்ணீர், லோட் ஷெடிங், விலைவாசி, குற்றம், ஊழல். இரண்டு பதிலையும் சொன்னது ஒரே ஆள், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஐந்து நிமிட இடைவெளியில்.

வரிசைகளை ஒப்பிட ஸ்பியர்மன் சூத்திரம் போதும்:

```
r = 1 − 6Σd² / (n(n² − 1))
```

d என்பது ஒரே பிரச்சினைக்கு இரண்டு வரிசையிலும் உள்ள இடங்களின் வித்தியாசம், n என்பது பிரச்சினைகளின் எண்ணிக்கை. பத்திரிகையையும் "நாட்டு" பதிலையும் வைத்தால் ஊழலுக்கு வித்தியாசம் 2, குற்றத்துக்கும் விலைவாசிக்கும் ஒவ்வொன்று, மற்றவை பூஜ்யம். வர்க்கங்களின் கூட்டல் 6. ஐந்து பிரச்சினைக்கு r = 0.7. பத்திரிகையையும் "வீட்டு" பதிலையும் வைத்தால் தண்ணீர் மட்டுமே ஐந்திலிருந்து ஒன்றுக்குத் தாவி 16ஐச் சேர்க்கிறது, கூட்டல் 28 ஆகிறது, r = −0.4. ஒரு கேள்வியில் ஊடகத்தோடு ஒத்துப்போன மக்கள் அடுத்த கேள்வியில் அதற்கு எதிர்த்திசையில் நிற்கிறார்கள்.

இனி அந்தப் பம்பு விவகாரம். தண்ணீரையும் லோட் ஷெடிங்கையும் இரட்டையாக எண்ணும் விதியை வைத்தால் 0.7 என்பது 0.5 ஆகிறது, −0.4 என்பது −0.2 ஆகிறது. குறிப்பெடுப்பதில் ஒரு சிறு விதி, முடிவில் இவ்வளவு அசைவு. ஐந்தே உருப்படி என்றால் அப்படித்தான் இருக்கும். ஐந்து உருப்படியில் 0.7 தற்செயலாகவே வந்துவிடலாம். வழக்கமான இருபக்கச் சோதனையில் தேற வேண்டுமானால் இரண்டு வரிசையும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் எண்ணை நாங்கள் அறிக்கையின் முன்பக்கத்தில் வைக்கவில்லை. இரண்டு கேள்விக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் வைத்தோம். எந்த விதியை எடுத்தாலும் அந்த இடைவெளி போகவில்லை.

இன்னொரு உறுத்தலும் உண்டு. லோட் ஷெடிங்கும் கைபடும் பிரச்சினைதான். இருட்டில் உட்காருவதற்குப் பத்திரிகை தேவையில்லை. ஆகவே அது முதலிடத்தில் இருப்பதை ஊடகத்தின் கணக்கில் எழுத முடியாது. உண்மையில் கைபடாத பிரச்சினை பாலா பாலா போன்ற ஊழல்தான். அதைப் பத்திரிகை இரண்டாம் இடத்தில் தூக்கி வைத்தும் மக்கள் நான்காவதாகத் தள்ளினார்கள். ஸக்கர் சொன்னதற்கு இது எதிராகப் போகிறது. ஒரு பெரியவர் சொன்னது: "திருடறது நியூஸா தம்பி? திருடாதவன் இருந்தா சொல்லு." ஊழல் செய்திக்குக் கடந்த சில ஆண்டுகளில் காது மரத்துப்போயிருக்கலாம். இதை நாங்கள் சோதிக்கவில்லை, சந்தேகமாகவே விட்டுவைத்தேன்.

செப்டம்பர்: காரணம் யார் சொல்வது?

இங்கே நின்றிருந்தால் "அனுபவம் இருக்கும் இடத்தில் ஊடகத்துக்கு வேலை இல்லை" என்று முடித்திருப்போம். ஆனால் அந்த நாற்பது தாள்களில் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்புகள் வேறு கதை சொல்லின. தண்ணீர் இல்லை என்பதை எல்லோரும் சொந்த வாயால் சொன்னார்கள். ஏன் இல்லை என்பதை மட்டும் வானொலி மொழியில் சொன்னார்கள். "கிளைமேட் சேஞ்ச்", "இன்ஃப்ராஸ்ட்ரக்சர்", "மெயின்டனன்ஸ் பேக்லாக்". சுத்திகரிப்பு நிலையத்தை அவர்களில் யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. குழாய் கைபடும், குழாயின் மறுமுனை கைபடாது.

சட்டகம் என்பது வேலை செய்யும் இடம் இதுதான். என்ட்மன் 1993இல் கொடுத்த வரையறையை எளிதாகச் சொன்னால், ஒரு நிகழ்வின் சில பக்கங்களைத் தேர்ந்து முன்னே நிறுத்துவது, அதன் மூலம் எது பிரச்சினை, எது காரணம், யார் குற்றவாளி, என்ன தீர்வு என்பதைச் சொல்லாமல் சொல்வது. மழை முன்னே நின்றால் இயற்கை காரணம், நிவாரணம் தீர்வு. பழுதுபார்க்க ஆகும் தாமதம் முன்னே நின்றால் நிர்வாகம் காரணம், பொறுப்பேற்பு தீர்வு. இரண்டிலும் ஒரு பொய் கூட இல்லை.

சிறு சோதனை ஒன்று அமைத்தோம். ஒரே செய்தி, இரண்டு வடிவம். மழை வடிவத்தில் முதல் பத்தி 300 மில்லிமீட்டர் மழையும், புவி வெப்பமடைந்ததால் இப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது என்று அந்த மே மாதம் உலக வானிலை ஆய்வாளர் குழு சொன்னதும். தாமத வடிவத்தில் முதல் பத்தி மாதக்கணக்கில் இழுக்கும் பழுதுபார்ப்பு. படித்து முடித்ததும் கேள்வி: "தண்ணீர் இன்னும் வராததற்கு முதல் காரணம் என்ன?" பதிலை அவர்கள் சொந்தச் சொல்லில் சொல்ல வேண்டும்.

நாங்கள் செய்த தப்பு

முதல் முயற்சியில் பன்னிரண்டு வீடு முடித்தோம். தாமத வடிவத்தை எழுதிய மாணவி நன்றாக எழுதக்கூடியவள். படிப்பவர் மனதில் நிற்கட்டும் என்று கேன் தூக்கும் ஒரு பாட்டியோடு தொடங்கியிருந்தாள். மழை வடிவத்தில் பாட்டி இல்லை, புள்ளிவிவரம்தான். தாமத வடிவத்தைப் படித்தவர்கள் தாமதத்தைப் பற்றிப் பேசவில்லை. "அந்தம்மாவுக்குப் பிள்ளைங்க இல்லையா?", "பக்கத்து வீட்டுக்காரன் தூக்கிக் கொடுக்கக் கூடாதா?" என்றே பேசினார்கள்.

இது ஐயங்கார் 1991இல் விளக்கிய நிகழ்வுச் சட்டகம், கருப்பொருள் சட்டகம் என்ற பிரிவு. தனி ஒருவரின் கதையாக வறுமையைக் காட்டினால் பார்ப்பவர்கள் அந்த ஆளையே பொறுப்பாக்குகிறார்கள், சமூக நிலவரமாகக் காட்டினால் அரசையும் சமூகத்தையும் பொறுப்பாக்குகிறார்கள். எங்கள் இரண்டு வடிவங்களும் காரணத்தில் மட்டும் வேறுபடவில்லை, கதை சொல்லும் முறையிலும் வேறுபட்டன. விளைவு எதனால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. வரைவை நான் முன்பே படித்திருந்தேன். எழுத்து அழகாக இருந்ததால் கண்ணில் படவில்லை. இந்தப் பிழையைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது: படித்தவரிடம் "இது எதைப் பற்றிய செய்தி?" என்று ஒரு வரி முதலில் கேட்டுவிடுவது. முன்சோதனையாக நாலு பேரிடம் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

பாட்டியை எடுத்துவிட்டோம். இரண்டு வடிவத்திலும் அதே வாக்கியங்கள், அதே நீளம். பத்திகளின் வரிசையும் தலைப்பும் மட்டும் வேறு.

இரண்டாவது இடறல் தெருவில் நடந்தது. வீடு மாற்றி வீடு என்று வடிவங்களைக் கொடுத்து வந்தோம். டேங்கர் வரும் நேரம். ஏழாவது வீட்டில் கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "தண்ணி கேள்வி கேக்கறவங்கதானே? எதிர்வீட்டுக்காரர் லைன்ல சொல்லிட்டாரு. மழைதான் காரணம்னு போட்டிருக்கீங்களாமே!" அவர் கையில் இருந்த உறையில் தாமத வடிவம்.

இது வேடிக்கை மட்டுமல்ல. ட்ரக்மன், நெல்சன் இருவரும் 2003இல் காட்டியது இதுதான்: வேறு வேறு சட்டகம் படித்தவர்கள் கலந்து பேசினால் சட்டகத்தின் விளைவு கரைந்துவிடுகிறது. டேங்கர் வரிசை என்பது டோங்காட்டின் கலந்துரையாடல் மண்டபம். அதன்பின் உறைகளைக் கலைத்து வைத்துக்கொண்டு, ஒன்றையொன்று தொடாத மூன்று தெருக்களில், டேங்கர் வராத ஒரே மாலையில், மூவரும் தனித்தனியாகப் போய் 36 வீட்டை முடித்தார்கள். பாதி நேரம் லோட் ஷெடிங். கைபேசி வெளிச்சத்தில் படித்தவர்களும் உண்டு.

என்ன நடந்தது

தண்ணீர் எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. எந்தத் தலைப்பைப் படித்தாலும் கேன் கேன்தான்.

காரணத்தில் வித்தியாசம் வந்தது. மழை வடிவம் படித்த 18 பேரில் 11 பேர் முதல் காரணமாக மழையைச் சொன்னார்கள். தாமத வடிவம் படித்த 18 பேரில் 5 பேர் மட்டுமே. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சட்டகத்துக்கு எந்தப் பங்கும் இல்லாவிட்டாலும் இப்படி ஓர் இடைவெளி நூறில் ஒன்பது முறை வந்துவிடும், அதனால் நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த கேள்வி எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது. "வேறு ஏதாவது காரணம்?" என்று கேட்டதும் இரு குழுவிலும் பெரும்பாலோர் மற்றக் காரணத்தையும் சொன்னார்கள். மழைக்காரர்கள் தாமதத்தைச் சொன்னார்கள், தாமதக்காரர்கள் மழையைச் சொன்னார்கள். செய்தி அவர்களுக்குப் புதிய நம்பிக்கை எதையும் ஊட்டவில்லை. ஏற்கெனவே தெரிந்த இரண்டில் எது முதலில் நாக்கில் வரும் என்பதை மாற்றியது, அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று மாணவி கேட்டாள். வாக்குப் பெட்டி முன்னாலும் ஊர்க் கூட்டத்திலும் "வேறு ஏதாவது?" என்று யாரும் கேட்பதில்லை என்று சொன்னேன்.

அக்டோபர் நடுவில், மூன்று வாரம் கழித்து, தொலைபேசியில் திரும்பக் கேட்டோம். 29 பேர் கிடைத்தார்கள். மழை வடிவத்தில் 15 பேரில் 7, தாமத வடிவத்தில் 14 பேரில் 6. வித்தியாசம் கரைந்துவிட்டது. ஒரே ஒரு முறை படித்த செய்தி இவ்வளவு காலம் தாங்காது என்பது முந்தைய ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. ஆனால் நிஜத்தில் சட்டகம் ஒரு முறை வருவதில்லை. காலைச் செய்தியில், லோட்டஸ் எஃப்எம் உரையாடலில், தெரு வாட்ஸாப் குழுவில் என்று தினமும் வரும். எங்கள் சோதனை அதை அளக்கவில்லை.

அடுத்த முறை எதை மாற்றுவேன்

கேள்வியைப் பிரிப்பதை இப்போது பாடத்தின் முதல் வாரத்திலேயே செய்கிறோம். "நாட்டின்" என்று கேட்பது தவறல்ல. அது அளப்பது பொதுவெளியைப் பற்றி மக்கள் வைத்திருக்கும் படத்தை, அவர்கள் வீட்டுக் கவலையை அல்ல என்று எழுதிவைத்தால் போதும்.

பிரச்சினைகளை ஐந்தாக அடக்கியது பெரிய குறை. பத்துப் பன்னிரண்டு வேண்டும். அச்சுப் பத்திரிகைகளை மட்டும் எண்ணியது அதைவிடப் பெரிய குறை, ஏனென்றால் ஆன்ட்டி பத்திரிகையே வாங்குவதில்லை, அவருக்கு வானொலிதான். டேங்கர் எத்தனை மணிக்கு, எந்தத் தெருவுக்கு என்று சொல்லும் வாட்ஸாப் குழுதான் அந்த மாதங்களில் ஊரில் அதிகம் படிக்கப்பட்ட "பத்திரிகை". அதில் தண்ணீர்தான் எப்போதும் முதல் பக்கம். அந்தக் குழுக்களை எண்ணியிருந்தால் "வீட்டு" பதிலுக்கு ஊடகத்தோடு −0.4 கிடைத்திருக்காது என்பது என் ஊகம்.

தமிழ் வம்சாவளித் தெருக்களோடு நின்றதும் குறைதான். ஹம்பனாதியில் கேட்டிருந்தால் காரணமும் பொறுப்பும் வேறு சொற்களில் வந்திருக்கும் என்று எங்கள் மாணவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சுலு மொழி வானொலியில் அந்த மாதங்களில் இந்தச் செய்தி எந்தச் சட்டகத்தில் வந்தது என்று நாங்கள் கேட்டுப் பார்க்கவே இல்லை.

பின்குறிப்பு

தூக்கி வைத்த முதல் பத்து வீட்டில் அந்த ஆன்ட்டி வீடும் ஒன்று. கணக்கில் சேராதவர், ஆனாலும் அக்டோபரில் மாணவி அவரையும் கூப்பிட்டு, சும்மா, அதே இரண்டு கேள்வியைக் கேட்டாள். அந்த வாரங்களில் ஜொஹான்னஸ்பர்க்கில் குழாய்கள் வறண்டு, அது எல்லாச் செய்தியிலும் முதலில் வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு என்ன பெரிய கவலை என்றதற்கு ஆன்ட்டி தன் முழங்காலைச் சொன்னார். நாட்டுக்கு என்று கேட்டதும் இந்த முறையும் யோசிக்கவில்லை.

"தண்ணிதான் கண்ணு. ஜோபர்க்லயே இல்லையாமே!"